அடைமொழியை மாற்றினால் ஆறாம் வகுப்பா?

பணி ஓய்வுக்குப் பிறகும் பள்ளிகளில் இருந்து அழைப்பு வந்தால் போய்விடுவேன். முப்பது வருடம் விசில் ஊதிய பழக்கம் விடாது. அண்மையில் ஒரு பள்ளியில், ஒன்று முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்குமான உடற்கல்விக் 'கற்றல் விளைவுகள்' அட்டவணையைக் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். அங்கே சொன்னதைத்தான் கொஞ்சம் காரம் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எறிதல் என்ற வரியை மட்டும் பாருங்கள். இரண்டாம் வகுப்பில் 'பந்தை எறிவார்'. ஆறாம் வகுப்பில் 'பந்தைச் சரியாக எறிவார்'. ஒன்பதாம் வகுப்பில் 'பந்தை மிகத் துல்லியமாக எறிவார்'. நான்கு வருடத்தில் பிள்ளை கற்றது ஓர் அடைமொழி! எதைப் பார்த்து 'சரியாக' என்று டிக் போடுவது என்று கேட்டேன். பதில் இல்லை.

பார்ப்பதற்கு ஒன்று இருக்கிறது. அதுதான் கால். சின்னக் குழந்தை எறியும்போது நேராக நின்று கையை மட்டும் வீசும். அடுத்த கட்டத்தில் எறிகிற கையின் பக்கத்துக் காலையே முன்னே வைக்கும். அதற்கும் அடுத்ததுதான் எதிர்க்கால், அதாவது வலக்கைப் பிள்ளைக்கு இடக்கால். அது வந்த பிறகுதான் உடம்பு பக்கவாட்டில் திரும்பி, இடுப்பு முதலிலும் தோள் அடுத்ததாகவும் கை கடைசியாகவும் வரும். இந்த வரிசையைத் தாண்டிக் குதிக்க முடியாது.

ஆகவே ஏணி இப்படி இருக்க வேண்டும். இரண்டாம் வகுப்பு முடிவில், ஐந்து எறிதலில் நான்கில் எதிர்க்கால் முன்னே வர வேண்டும். ஐந்தாம் வகுப்பு முடிவில் இடுப்பும் தோளும் திரும்ப வேண்டும். எட்டாம் வகுப்புக்குள், ஓடிவந்து பந்தை எடுத்து, நகர்கிற தோழனுக்கு எறிய வேண்டும். ஒன்பது, பத்தில் ஈட்டியும் குண்டும். அங்கேயும் வலக்கைக்காரர் ஊன்றி நிற்பது அதே இடக்காலில்தான். இரண்டாம் வகுப்பில் விட்டது பத்தாம் வகுப்பில் ஈட்டியோடு வந்து நிற்கும்.

சோதிப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பக்கத்தில் வளையம் வைத்து 'இதற்குள் போடு' என்றால், கால் தெரிந்த பிள்ளைகூட நின்ற இடத்தில் மெதுவாகப் போடும். 'உன்னால் முடிந்த மட்டும் தூரமாக எறி' என்றால்தான் உண்மையான எறிதல் வெளியே வரும். ஆசிரியர் பந்து போகிற இடத்தைப் பார்க்காமல் காலை மட்டும் பார்க்க வேண்டும். நாற்பது பிள்ளைகளை இரண்டு பீரியடில் பார்த்துவிடலாம்.

"எங்களிடம் கேலோ இந்தியா சோதனை மதிப்பெண் இருக்கிறதே சார்" என்றார் ஒருங்கிணைப்பாளர். இருக்கட்டும். முதல் மூன்று வகுப்புக்கு உயரம்-எடைக் கணக்கு, ஒற்றைக்கால் சமநிலை, தட்டு தொடுதல். நான்காம் வகுப்பிலிருந்து 50 மீட்டர், 600 மீட்டர் ஓட்டம், இன்னும் சில. உடல்திறனை அறிய அவை நல்ல சோதனைகள். ஆனால் எட்டாம் வகுப்புப் பையன் ஐந்தாம் வகுப்பில் ஓடியதைவிட வேகமாக ஓடுவதில் பாதி அவன் கால் நீண்டதால். நாம் ஒன்றுமே சொல்லித்தராவிட்டாலும் அந்த எண் ஏறும். வளர்ச்சியைக் கற்றல் என்று கணக்கெழுதுவது, மழை பெய்ததற்குக் கிணறு வெட்டியவன் கூலி கேட்பது மாதிரி.

இந்த ஏணி எங்கே உடைகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில். பல பள்ளிகளில் தொடக்க வகுப்புகளின் விளையாட்டு பீரியட் வகுப்பாசிரியர் கையில். உடற்கல்வி ஆசிரியர் ஆறாம் வகுப்பில்தான் பிள்ளையை முதன்முதலாகப் பார்க்கிறார். கீழே என்ன நடந்தது என்ற குறிப்பு ஒன்றும் மேலே வருவதில்லை. அவரும் நேரே கிரிக்கெட், கைப்பந்து என்று ஆரம்பிக்கிறார். கால் வராத பிள்ளை ஓரமாக நிற்கிறது. அது பெண்பிள்ளையாக இருந்துவிட்டால் 'இவர்களுக்கு எறிய வராது' என்று தீர்ப்பும் எழுதியாகிவிடும். சொல்லித்தராததற்குத் தண்டனை பிள்ளைக்கு!

உச்சிப்படியில் இன்னொரு வேடிக்கை. சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு உடற்கல்வியில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 30. குண்டு தோள் உயரத்திலிருந்து புறப்படுவதால் அது அதிக தூரம் போக 45 பாகைக்குக் குறைவான கோணம் வேண்டும் என்று மாணவன் அழகாக எழுதுவான். மைதானத்துக்கு வந்தால் வலக்கையால் எறிந்து வலக்காலை வைப்பான்.

என் யோசனை எளியது. அட்டவணையில் வகுப்பு வாரியாக விளையாட்டின் பெயர்களை நிரப்பாதீர்கள். ஓடுதல், தாண்டுதல், எறிதல், பிடித்தல், உதைத்தல் என்று ஐந்தாறு வரிகள் போதும். ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரே ஓர் அடையாளத்தை எழுதுங்கள். ஐந்தாம் வகுப்பு முடிவில் அந்தத் தாளை ஆறாம் வகுப்பு ஆசிரியர் கையில் கொடுங்கள்.

பன்னிரண்டாம் வகுப்புக்கான விளைவையும் நானே எழுதித் தருகிறேன்: 'மூன்றாம் வகுப்புப் பிள்ளை எறிவதைப் பார்த்து, எது வரவில்லை என்று சொல்லி, அதைத் திருத்திக் காட்டுவார்.' இதற்கு எந்த அடைமொழியும் தேவைப்படவில்லை, கவனித்தீர்களா?