கரண்டியைக் கீழே வையுங்கள், மணிக்கூட்டைப் பாருங்கள்



போன மாதம் ஒரு நாள், மஃரிப் தொழுகை முடிந்த கையோடு எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டிலிருந்து அலறல் கேட்டது. நாங்கள் நாலைந்து பேர் ஓடினோம். ஒன்றரை வயதுப் பிள்ளை. கண் மேலே செருகி, கைகால் விறைத்து, உடம்பு முழுக்க உதறிக்கொண்டிருந்தது. வாயோரம் நுரை, உதடு நீலம். தொட்டால் உடம்பு கொதிக்கிறது.

ஒருவர் குசினியில் இருந்து கரண்டி கொண்டுவந்து பல்லுக்கு நடுவில் திணித்தார். இன்னொருவர் கையில் இரும்புத் திறப்பைப் பொத்தினார். மூத்தம்மா தலையில் பச்சைத் தண்ணீர் ஊற்றினார். நாங்கள் என்ன செய்தோம்? படித்தவர்கள், ஆசிரியர்கள் என்று பேர். பிள்ளையின் காலை அசையவிடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

ஓட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது உதறல் நின்றிருந்தது. டொக்டர் மூன்று கேள்வி கேட்டார். எத்தனை நிமிடம் உதறியது? இரண்டு பக்கமும் உதறியதா, ஒரு பக்கம் மட்டுமா? நின்றபின் பிள்ளை உம்மாவை அடையாளம் கண்டுகொள்ள எவ்வளவு நேரம் எடுத்தது? ஒருவர் பத்து நிமிடம் என்றார், இன்னொருவர் அரை மணித்தியாலம் என்றார். யாரும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. வாயில் வந்த இரத்தமும் வலிப்பால் வந்ததில்லை. கரண்டி முரசைக் கிழித்திருந்தது.

இதற்குப் பெயர் காய்ச்சல் வலிப்பு. நம் பெரியவர்கள் ஜன்னி என்பார்கள். 6 மாதத்துக்கும் 5 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்குத்தான் வரும். நூறு பிள்ளைகளை எடுத்தால் இரண்டிலிருந்து ஐந்து பேருக்கு ஒரு தடவையாவது வந்துவிடும். அந்த வயதில் மூளை முதிர்ந்திருக்காது. சாதாரண வைரஸ் காய்ச்சலில் உடம்புச் சூடு ஏறும்போதும், கிருமியோடு போராட உடம்பு சுரக்கும் பொருட்கள் கூடும்போதும், மூளையின் நரம்புக் கலங்கள் சட்டென்று ஒன்றாகத் துடித்துவிடுகின்றன. சில குடும்பங்களில் இது பரம்பரையாக வரும். அந்தப் பிள்ளையின் வாப்பாவுக்கும் சின்னதில் வந்ததாம், மூத்தம்மா பிறகுதான் சொன்னார். வயது ஏற ஏற மூளை முதிரும், இந்தக் குணமும் போய்விடும்.

பார்க்கிறவர்களுக்குப் பிள்ளை மௌத்தாகிறது போலத்தான் இருக்கும். ஆனால் பெரும்பாலான காய்ச்சல் வலிப்பு ஓரிரண்டு நிமிடத்தில், நாம் எதுவும் செய்யாமலே நின்றுவிடும். குறுகிய நேர வலிப்பால் மூளை பழுதாவதில்லை, படிப்பும் குறைவதில்லை. ஆபத்து வருவது பெரும்பாலும் நம் கைகளால்தான். கரண்டி பல்லை உடைக்கும். வாயில் ஊற்றும் தண்ணீரும் சிரப்பும் சுவாசப்பைக்குள் போகும். அழுத்திப் பிடித்தால் எலும்பு முறியலாம். நாக்கை விழுங்கிவிடும் என்பது வெறும் பயம், நாக்கை யாராலும் விழுங்க முடியாது.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பிள்ளையைத் தரையில் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். எச்சிலும் சத்தியும் வெளியே வடிந்துவிடும். கழுத்துப் பக்கம் இறுக்கமான உடுப்பைத் தளர்த்துங்கள், சுற்றி நிற்கிற கூட்டத்தை விலக்குங்கள். மணிக்கூட்டைப் பாருங்கள். ஒருவர் போனில் வீடியோ எடுத்தால், டொக்டரின் முதல் இரண்டு கேள்விகளுக்கும் அதுவே பதில். வாய்க்குள் எதையும் வைக்கக் கூடாது.

5 நிமிடம் தாண்டியும் உதறல் நிற்கவில்லை என்றால் அது அவசரம். தானாக நிற்கும் என்று அதற்குமேல் காத்திருக்கக் கூடாது, நிறுத்த மருந்து தேவை. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கும் வரை திருகோணமலை ஆஸ்பத்திரிக்குப் போகப் பாதைக்குக் காத்துக்கிடந்தவர்கள் நாம். அந்தக் காலத்தில் திறப்பையும் தேசிக்காயையும் நம்பியவர்களை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். இன்று 1990 என்று அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சேவை இப்போது நாடு முழுக்க இருக்கிறது.

சீக்கிரமே நின்றாலும், முதல் தடவை என்றால் அன்றே டொக்டரிடம் காட்டத்தான் வேண்டும். மூளைக்காய்ச்சலும் இதே மாதிரித்தான் தொடங்கும். ஒரு மணித்தியாலம் ஆகியும் பிள்ளை தெளியவில்லை, கழுத்து விறைக்கிறது, அழுத்தினாலும் மறையாத சிவப்பு, ஊதாப் புள்ளிகள் தோலில் வருகின்றன, ஒரு பக்கம் மட்டும் உதறியது, 24 மணித்தியாலத்துக்குள் இரண்டாம் தடவை வந்தது, வயது 6 மாதத்துக்குக் குறைவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்க வேண்டாம். சில பிள்ளைகளுக்கு டொக்டர் முதுகில் தண்ணீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பார். பிள்ளை நடக்காமல் போய்விடும் என்று பயந்து நம்மில் சிலர் மறுத்துவிடுகிறோம். முதுகுத்தண்டு வடம் முடிகிற இடத்துக்குக் கீழேதான் ஊசி போடுவார்கள். மூளைக்காய்ச்சல் இருக்கிறதா என்று உறுதியாக அறிய அதுதான் வழி.

அடுத்தது பனடோல். அந்த உம்மா இப்போதும் அழுகிறார், "நேரத்துக்குப் பனடோல் கொடுத்திருந்தா வந்திருக்காதே" என்று. அவர் தன்னைக் குற்றம் சொல்லத் தேவையில்லை. பனடோல் பிள்ளையின் உடம்பு நோவைக் குறைக்கும், வலிப்பு வராமல் தடுக்கும் என்று நம்பியிருக்க முடியாது. பல பிள்ளைகளுக்குக் காய்ச்சல் இருப்பதே வலிப்பு வந்த பிறகுதான் தெரியவரும். வலிப்பைத் தடுக்கிறோம் என்று அளவைக் கூட்டினால் ஈரல் பழுதாகும். ஒரு கிலோ நிறைக்கு 15 மில்லிகிராம் கணக்கில், 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. 10 கிலோப் பிள்ளைக்கு 150 மில்லிகிராம் வரும். 5 மில்லிலீட்டரில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் அது 6 மில்லிலீட்டர் அளவு. நிறை கிளினிக் கொப்பியில் இருக்கும். தேக்கரண்டியால் குத்துமதிப்பாக ஊற்றாமல், அளவுக் குழாயால் கொடுங்கள்.

காய்ச்சலுக்கு இப்யூபுரூபன் சிரப்பை நாமாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். 2017 மார்ச்சில் டெங்கு நம் ஊரில் என்ன செய்தது என்று நமக்குத் தெரியும். பள்ளிக்கூடங்களையே மூடினோம். டெங்குவில் அந்த மருந்து இரத்தக் கசிவைக் கூட்டும்.

கடைசியாக, எங்களை அதிகம் நோகடித்தது. அந்தப் பிள்ளை மறுநாளே வீட்டுக்கு வந்து விளையாடத் தொடங்கிவிட்டது. ஆனால் ஒழுங்கையில் பேச்சு ஓயவில்லை. வலிப்புக்காரப் பிள்ளை, கண்ணூறு பட்டது, யாரோ செய்தது என்று. காய்ச்சல் வலிப்பு காக்காய் வலிப்பு இல்லை. மூன்றில் ஒரு பிள்ளைக்கு இன்னொரு காய்ச்சலில் திரும்ப வரலாம், ஒரு வயதுக்கு முன் முதல் தடவை வந்திருந்தால் இன்னும் கூடுதலாக. ஆனால் சாதாரண காய்ச்சல் வலிப்பு வந்த நூறு பிள்ளைகளில் பின்னாளில் காக்காய் வலிப்பு வருவது ஒன்றிரண்டு பேருக்குத்தான், மற்றப் பிள்ளைகளை விடக் கொஞ்சம்தான் கூட. ஓதிப் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை. டொக்டரிடம் காட்டிவிட்டு வந்து ஓதுங்கள். பாலர் பாடசாலையில் சேர்க்கும்போது இதை ஒளிக்காமல் ஆசிரியையிடம் சொல்லுங்கள். அடுத்த தடவை அவர்தான் பக்கத்தில் இருக்கக்கூடும். அவர் கரண்டி தேடாமல் இருக்க வேண்டும்.

சின்னப் பிள்ளை இருக்கிற வீடுகளில் மூத்தம்மாமாருக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். அன்று காலை அழுத்திப் பிடித்ததற்காக அந்த உம்மாவிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்டுவிட்டோம்.