அழுத்தம் 26: சொட்டு மருந்தா, கண்காணிப்பா?

செல்லூரைச் சேர்ந்த கைத்தறி நெசவாளர் ஒருவர், நூல் இழை சரியாகத் தெரியவில்லை என்று கண்ணாடி மாற்றிக்கொள்ள வந்தார். வயது 52. கண்ணாடி எண்ணோடு இன்னோர் எண்ணும் அவருடைய சீட்டில் ஏறியது: கண் அழுத்தம், இரு கண்களிலும் 26. அதே நாளில் வந்த 63 வயதுப் பெண்மணி ஒருவருக்கும் அழுத்தம் 26. பொதுவாக 10 முதல் 21 வரையிலான அளவை இயல்பு என்கிறோம். அந்தப் பெண்மணிக்குச் சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தோம், நெசவாளருக்கு எழுதவில்லை. வெளியே பெஞ்சில் அமர்ந்து சீட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்த இருவரும் திரும்ப உள்ளே வந்தார்கள். "அளவு ஒன்றாக இருக்கும்போது எனக்கு மட்டும் ஏன் மருந்து இல்லை, டாக்டர்?" என்று நெசவாளர் கேட்டார். நியாயமான கேள்வி. (இருவரின் அடையாளங்களும் மாற்றப்பட்டுள்ளன.)

கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் ஓயாமல் சுரந்து, கருவிழியின் ஓரத்திலுள்ள சல்லடை போன்ற வடிகால் வழியே வெளியேறிக்கொண்டிருக்கிறது. வடிகால் மந்தமானால் கண்ணுக்குள் அழுத்தம் உயர்கிறது. உயர்ந்த அழுத்தம் பார்வை நரம்பைச் சிதைக்கத் தொடங்கிவிட்டால் அதுவே கிளாக்கோமா. அழுத்தம் உயர்ந்திருந்தும் நரம்பும் பார்வைப் பரப்பும் பழுதின்றி இருந்தால் அது மிகை கண் அழுத்தம் மட்டுமே. அது ஓர் அபாயக் குறி, நோய் அன்று. இரத்த அழுத்தம் வேறு, இது வேறு.

எனவே எங்கள் முதல் வேலை, அந்த எண்ணை நம்பலாமா என்று பார்ப்பதே. காற்றை ஊதி அளக்கும் கருவியில் நெசவாளருக்கு 28 காட்டியது. கண்ணை மரக்கச் செய்து, கருவிழியை மெல்லத் தொட்டு அளக்கும் கருவியில் 26 வந்தது. வேறொரு நாள் காலையில் மீண்டும் அளந்தோம், அப்போதும் 25. அழுத்தம் நாளின் பொழுதுக்கேற்ப ஏறி இறங்கும் என்பதால், ஒரே ஒரு அளவை வைத்து ஆயுள் முழுவதற்குமான மருந்தைத் தொடங்குவது சரியன்று என்பது எங்கள் உறுதியான கருத்து.

அடுத்து, சிறிய கண்ணாடி வில்லையைக் கண்மேல் வைத்து வடிகால் கோணம் திறந்திருக்கிறதா என்று பார்த்தோம். கோணம் குறுகியிருந்தால் சிகிச்சைப் பாதையே வேறு. நம் மக்களிடையே அது அரிதும் அன்று. பிறகு, "கண் சிவப்புக்கு மருந்துக் கடையில் நீங்களாகவே சொட்டு மருந்து வாங்கிப் போட்டீர்களா?" என்று கேட்டோம். அவற்றுள் சில ஸ்டீராய்டு கலந்தவை. சிலருக்கு அதுவே அழுத்தத்தை உயர்த்திவிடும். நிறுத்தினால் பெரும்பாலும் இறங்கிவிடும். இவர்கள் இருவருக்கும் கோணம் திறந்தே இருந்தது. ஸ்டீராய்டு பழக்கமும் இல்லை.

இருவரையும் பிரித்துக் காட்டியது கருவிழியின் தடிமன். நெசவாளருக்கு 598 மைக்ரான், பெண்மணிக்கு 521. தடித்த கருவிழியை அழுத்தக் கூடுதல் விசை வேண்டியிருப்பதால், கருவி உள்ளதைவிட மிகுதியாகக் காட்டக்கூடும். மெல்லிய கருவிழியில் இது தலைகீழ். இதற்காக 26இலிருந்து இத்தனையைக் கழி, இத்தனையைக் கூட்டு என்று சொல்ல நம்பகமான வாய்பாடு கிடையாது. ஆனால் மெல்லிய கருவிழி உள்ளவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்திருக்கிறது.

அமெரிக்காவில் 1,636 பேரைக் கொண்டு நடந்து, 2002இல் முடிவுகள் வெளியான ஆய்வு இதற்கு ஆதாரம். அதில் ஏறக்குறைய 26 அல்லது அதற்கு மேல் அழுத்தம் இருந்து, மருந்தின்றிக் கண்காணிக்கப்பட்டவர்களைப் பார்ப்போம். கருவிழி 588 மைக்ரானுக்கு மேல் தடித்திருந்தவர்களில் நூற்றுக்கு 6 பேருக்கே கிளாக்கோமா தோன்றியது. கருவிழி 555 மைக்ரானோ அதற்குக் குறைவாகவோ இருந்தவர்களில் நூற்றுக்கு 36 பேருக்குத் தோன்றியது. அழுத்தம் ஒன்று, அபாயம் ஆறு மடங்கு. பெண்மணிக்கு வயதும் கூடுதல். பார்வை நரம்பின் நடுக்குழியும் சற்றே அகன்றிருந்தது. இவையும் தராசின் அதே தட்டில் சேர்கின்றன.

"எதற்கு வம்பு, எல்லாருக்கும் மருந்து கொடுத்துவிட்டால் என்ன?" என்று குடும்பத்தார் கேட்பதுண்டு. அதே ஆய்வில் ஐந்தாண்டுகளில் மருந்து போடாதவர்களில் நூற்றுக்கு 9.5 பேருக்கும், போட்டவர்களில் 4.4 பேருக்கும் நோய் தோன்றியது. மருந்து அபாயத்தைப் பாதியாகக் குறைக்கிறது என்பது உண்மை. மருந்தில்லாமலே பத்தில் ஒன்பது பேர் அந்த ஐந்தாண்டுகளை நோயின்றிக் கடந்தார்கள் என்பதும் உண்மை. நம் வேலூரில் செய்த ஆய்வும் இதையே சொல்கிறது. அங்கு மிகை கண் அழுத்தம் இருந்த 29 பேரை ஐந்தாண்டுகள் கழித்துப் பரிசோதித்தபோது 5 பேருக்குக் கிளாக்கோமா தோன்றியிருந்தது. 24 பேருக்குத் தோன்றவில்லை. அந்த 24 பேரும் நாள் தவறாமல் மருந்து போட்டிருந்தால் செலவும் கண் எரிச்சலும் சிவப்பும்தான் மிஞ்சியிருக்கும். சில சொட்டு மருந்துகள் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத்திணறலையே உண்டாக்கிவிடும்.

காத்திருப்பதால் நெசவாளர் இழப்பது என்ன? அமெரிக்க ஆய்வு 13 ஆண்டுகள் தொடர்ந்தது. முதலில் மருந்தின்றி இருந்தவர்களுக்கு ஏழரை ஆண்டுகளுக்குப் பின்பே மருந்து கொடுத்தார்கள். அபாயம் குறைந்தவர்களில், தாமதமாகத் தொடங்கியவர்களில் நூற்றுக்கு 8 பேருக்கும், தொடக்கத்திலேயே தொடங்கியவர்களில் 7 பேருக்கும் நோய் வந்தது. அபாயம் மிகுந்தவர்களிடமோ அது 40க்கு 28 என்றிருந்தது. நெசவாளருக்கு மருந்தைத் தள்ளிவைத்ததும், பெண்மணிக்கு உடனே தொடங்கியதும் இதனால்தான். அழுத்தம் 30ஐத் தாண்டி நிலைத்தால் மட்டும், மற்றவை எப்படி இருந்தாலும் நாங்கள் பெரும்பாலும் மருந்தையே தேர்கிறோம்.

இனி எங்கள் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். முன்பு இதே நிலையிலிருந்த ஒருவரிடம், "ஒன்றுமில்லை, பிறகு பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பினோம். அவர் "ஒன்றுமில்லை" என்பதை மட்டும் வீட்டுக்கு எடுத்துச் சென்றார். ஐந்தாண்டுகள் கழித்து, படியிறங்கும்போது தடுமாறுகிறது என்று வந்தார். ஒரு கண்ணில் கீழ்ப்பாதிப் பார்வைப் பரப்பு போய்விட்டிருந்தது. கிளாக்கோமாவில் பெரும்பாலும் வலி இல்லை; எழுத்துப் பலகையைக் கடைசி வரை படிக்க முடிகிறது; ஓரப் பார்வை குறைவது நமக்கே தெரிவதில்லை. போனது திரும்புவதும் இல்லை.

அன்று முதல் அந்தச் சொல்லை நாங்கள் பயன்படுத்துவதில்லை. "இப்போது நோயில்லை, வரக்கூடும், வந்தால் நாங்கள்தான் முதலில் காண முடியும், நீங்கள் அல்ல" என்றே சொல்கிறோம். நெசவாளரை ஆறு மாதத்தில் ஒருமுறையும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் வரச் சொல்லியிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் அழுத்தம் அளப்போம். நரம்பின் படத்தைப் பழைய படத்தோடு ஒப்பிடுவோம். பார்வைப் பரப்பைச் சோதிப்போம். பொத்தானை அழுத்தும் அந்தச் சோதனையில் முதல்முறை பலர் தடுமாறுவார்கள். ஆகவே ஒரு சோதனையில் குறை தெரிந்தால் அதை மீண்டும் செய்து உறுதிப்படுத்திய பின்பே முடிவெடுப்போம். நரம்போரத்தில் சிறு இரத்தக் கசிவோ, குழி அகல்வதோ தெரிந்தால் அன்றே கண்காணிப்பு முடிந்து சிகிச்சை தொடங்கும்.

தவணை தவறாமல் வர இயலாதவருக்கு, வெளியூரில் ஆண்டுக்கணக்கில் தங்குபவருக்கு, ஒரே கண்ணில் பார்வை உள்ளவருக்கு எங்கள் முடிவு மாறலாம். ஆகவே வர முடியாது என்றால் தயங்காமல் முன்கூட்டியே சொல்லுங்கள். கருவிழியின் தடிமனைப் போல அதுவும் எங்களுக்குத் தேவையான தகவலே. வரும்போது பழைய சீட்டுகளையும் நரம்புப் படங்களையும் ஒரே உறையில் கொண்டுவாருங்கள். ஒப்பிடப் பழையது இல்லையென்றால், கண்காணிப்பு அன்றுதான் புதிதாகத் தொடங்குகிறது.