‘எவ்ரிவன்’ வந்தால் ‘தெயர்’ வரக்கூடாதா?

உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளின் ஆங்கிலக் கொப்பிகளில் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் சிவப்பு மை விழுவதைப் பார்க்கிறேன். சுற்றுலாவுக்கு ஓர் அறிவித்தல் எழுதச் சொன்னால் பிள்ளை ‘எவ்ரிவன் மஸ்ட் பிரிங் தெயர் லன்ச்’ என்று எழுதுகிறது. ‘தெயர்’ வெட்டப்பட்டு, மேலே ‘ஹிஸ் ஓர் ஹேர்’ என்று எழுதப்படுகிறது. புள்ளியும் குறைகிறது. சரியாக எழுதிய பிள்ளைக்கு இது அநியாயம்.

‘எவ்ரிவன்’ ஒருமை, ‘தெயர்’ பன்மை, இரண்டும் ஒட்டாது என்பதுதான் முதற் காரணமாகச் சொல்லப்படுகிறது. ‘எவ்ரிவன்’ ஒருமை வினை கொள்ளும் என்பது உண்மை. ‘எவ்ரிவன் ஹேஸ்’ என்றுதான் வரும், ‘ஹேவ்’ வராது. ஆனால் பின்னால் வரும் பிரதிப்பெயர் பொருளைப் பார்க்கும். ‘எவ்ரிவன் கிளாப்ட், ஸோ ஐ தேங்க்ட் ஹிம்’ என்று எழுதிப் பாருங்கள். ஒரு மண்டபமே கைதட்ட, நன்றி யாரோ ஓர் ஆணுக்குப் போகிறது. ‘தெம்’ போட்டால்தான் வாக்கியத்துக்குப் பொருள் கிடைக்கிறது.

தமிழ் படித்த நமக்கு இது புதுமையே அல்ல. ‘ஒருவர்’ என்ற சொல் ஆண், பெண் இருபாலுக்கும் பொது என்றும், அது பன்மை வினை கொள்ளும் என்றும் நன்னூல் விதி வகுத்திருக்கிறது. தொல்காப்பியமும் அதைப் பேசுகிறது. ஆள் ஒன்று, வினையோ ‘வந்தார்’. ‘ஒவ்வொருவரும் தம் அடையாள அட்டையைக் கொண்டு வரவும்’ என்று நாமே எழுதுகிறோம். ‘தன்’ என்பதன் பன்மை ‘தம்’. ஆணா பெண்ணா என்று சொல்லத் தேவையில்லாத இடத்தில் இரண்டு மொழிகளும் பன்மையைத்தான் நாடுகின்றன.

இது இப்போது வந்த நாகரிகம் என்பது அடுத்த வாதம். ஆங்கிலத்தில் இந்த வழக்கு 14ஆம் நூற்றாண்டிலேயே உண்டு. ஷேக்ஸ்பியரிடமும் ஜேன் ஆஸ்டினிடமும் அது இருக்கிறது. தடை போட்டவர்கள்தான் பிந்தி வந்தவர்கள். பொதுவான இடத்தில் ஆண்பாற் சொல்லே போதும் என்ற விதி 18ஆம் நூற்றாண்டு இலக்கண நூல்களில் ஏறியது. 1850இல் பிரித்தானியப் பாராளுமன்றம், சட்டங்களில் வரும் ஆண்பாற் சொல் பெண்ணையும் குறிக்கும் என்று சட்டமே இயற்றியது. இலங்கையின் 1901ஆம் ஆண்டுப் பொருள்கோடற் கட்டளைச் சட்டத்திலும் அதே ஏற்பாடு உண்டு. சட்டப் புத்தகத்துக்கு அது வசதியாக இருக்கலாம். கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்களாக இருக்கும் மலையில், ‘எவ்ரி வேர்க்கர் மஸ்ட் கலெக்ட் ஹிஸ் பே’ என்று அறிவித்தல் ஒட்டினால் அது யாரைக் கூப்பிடுகிறது?

பேச்சில் சரி, எழுத்தில் கூடாது என்பவர்களும் இருக்கிறார்கள். ஆய்வுக் கட்டுரைகளுக்கு விதி வகுக்கும் அமெரிக்க உளவியல் சங்கத்தின் கையேடே 2019ஆம் ஆண்டுப் பதிப்பில் இதை ஏற்றுக்கொண்டது. ரேமண்ட் மர்பியின் இலக்கணப் புத்தகத்திலும் ‘எவ்ரிபொடி’, ‘எனிவன்’ போன்ற சொற்களுக்குப் பின் ‘தே’, ‘தெயர்’ வரலாம் என்று உதாரணத்தோடு இருக்கிறது. குறுந்தகவலிலோ இதன் தேவை இன்னும் கூடுதல். படிவம் தொலைத்தவர் வகுப்பாசிரியரிடம் சொல்ல வேண்டும் என்று வகுப்புக் குழுவுக்கு ஒரு வட்ஸ்அப் செய்தி அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்: ‘இஃப் எனிவன் ஹேஸ் லொஸ்ட் தெயர் ஃபோர்ம், தே ஷுட் டெல் தெயர் கிளாஸ் டீச்சர்’. 12 சொற்கள். இதையே திருத்தினால் ‘ஹிஸ் ஓர் ஹேர்’ இரண்டு தடவை, ‘ஹீ ஓர் ஷீ’ ஒரு தடவை வந்து 18 ஆகிறது. 50 சொல்லுக்குள் முடிக்க வேண்டிய குறிப்பில் ஆறு சொல் வீண். வாசிப்பவருக்கும் கால் தடுக்கும்.

இதனால் ‘தே’ எங்கும் பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. ‘இஃப் எ ஸ்டூடன்ட் மீட்ஸ் த ப்ரீஃபெக்ட்ஸ், தே ஷுட் வெயிட்’ என்றால் காத்திருக்க வேண்டியது மாணவரா, மாணவத் தலைவர்களா? பன்மைப் பெயர் ஒன்று பக்கத்தில் இருந்தால் இந்தக் குழப்பம் வரும். அங்கே ‘த ஸ்டூடன்ட்’ என்று பெயரையே திரும்பச் சொல்ல வேண்டும். ஒருவரைக் குறித்தாலும் ‘தே ஆர்’தான், ‘தே இஸ்’ பிழை. ஒருவரைப் பார்த்தும் ‘யூ ஆர்’ என்று சொல்வது போலத்தான் இதுவும். ஒரே ஒலியுள்ள இன்னொரு ‘தெயர்’ உண்டு, ‘அங்கே’ என்ற பொருளில். அதன் எழுத்துக்கூட்டலை இங்கே போட்டால் அது உண்மையான பிழை. சிவப்பு மை அங்கே விழட்டும்.

‘ஹிஸ் ஓர் ஹேர்’ என்று எழுதும் பிள்ளைக்கும் முழுப் புள்ளி கொடுங்கள், அதுவும் சரிதான். ‘எவ்ரிவன்’, ‘தெயர்’ என்று எழுதிய பிள்ளையின் வரியை மட்டும் வெட்டாதீர்கள், ஆசிரியர்களே.