பத்திரிகைப் படத்தை அனுப்பி "ரிப்ளை" என்றால் போதுமா?



தை பிறந்ததும் என் வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகைகளாக வந்து விழுகின்றன. எனக்கு வந்த அழைப்புகள் அல்ல, உங்களுக்கு வந்தவை. படத்தை எடுத்து அனுப்பி, கீழே "ரிப்ளை" என்று ஒரே ஒரு சொல். அழைத்தவருக்குப் பதில் எழுதித் தர வேண்டுமாம். எழுதித் தருவதில் எனக்குச் சிரமம் இல்லை. ஆனால் அந்த ஒற்றைச் சொல்லை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

விழுப்புரத்தில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் அனுப்பியதையே எடுத்துக்கொள்வோம். அவருடைய மேலதிகாரி வீட்டுப் பெண்ணுக்குத் திண்டிவனத்தில் கல்யாணம். பொன்னிற எழுத்தில் விளக்கு வெளிச்சம் பட்டு, தேதி 6 என்றும் தெரிகிறது, 8 என்றும் தெரிகிறது. பக்கத்திலேயே விடை இருக்கிறது. விசுவாவசு வருடம், தை 25, ஞாயிற்றுக்கிழமை. இந்த ஆண்டு தை 1 ஜனவரி 15 அன்று வந்தது. ஆகவே தை 25 என்பது பிப்ரவரி 8. அன்றுதான் ஞாயிறு, 6ஆம் தேதி வெள்ளி. தமிழ்த் தேதியையும் கிழமையையும் வெறும் அலங்காரம் என்று தள்ளிவிடாதீர்கள். அவைதான் சரிபார்க்கும் கருவி.

அடுத்து, முகூர்த்தம் ஞாயிறு காலை 6 மணிக்கு மேல் 7.30க்குள். வரவேற்போ அதற்கு முந்தைய நாள், சனிக்கிழமை மாலை. பெரிய எழுத்தில் இருப்பது ஞாயிறு என்பதால், வரவேற்புக்கு ஞாயிறு மாலை போய் இறங்குகிறவர்கள் உண்டு. மண்டபத்தில் அப்போது நாற்காலி அடுக்கிக்கொண்டிருப்பார்கள்.

இவ்வளவும் படத்திலிருந்து எனக்குத் தெரியும். தெரியாதது மூன்று. நீங்கள் போகிறீர்களா? எத்தனை பேர்? மாலைக்கா, காலைக்கா? இவற்றை எந்தப் பத்திரிகையும் சொல்லாது. "ரிப்ளை" என்ற சொல்லும் சொல்லாது. நானாக யூகித்து "குடும்பத்துடன் வருகிறோம்" என்று எழுதினால், அது உங்கள் பெயரில் நான் கொடுக்கும் பொய் வாக்கு.

"சார், மரியாதைக்கு ஒரு வரிதானே, வணக்கம் போடும் கை படம் ஒன்று போட்டால் போதாதா?" என்று கேட்கிறார்கள். போதாது. பெண்ணைப் பெற்றவர் சமையல்காரரிடம் இலைக் கணக்கு சொல்லியாக வேண்டும். மாலை இத்தனை இலை, காலை இத்தனை இலை என்று தனித்தனியாகச் சொல்லித்தான் அரிசியும் காய்கறியும் வாங்குகிறார்கள். கை படத்தைப் பார்த்து அவர் ஓர் இலை போடுவதா, நான்கு இலை போடுவதா? "கண்டிப்பா வர்றோம்" என்று நூறு பேர் சொல்லிவிட்டு அறுபது பேர் போனால், மிச்சமாகும் சோறு அவர் காசு. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் சுமார் 40 கிலோமீட்டர்தான். ஆனாலும் காலை 6 மணி முகூர்த்தத்துக்கு விடியுமுன் கிளம்ப வேண்டும். இரவே தங்குவதானால் அறை ஒதுக்க வேண்டும். அதையும் அவருக்குச் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

ஆகவே நான் பதில் எழுதுவதற்குமுன் அந்த மாணவரைத் திருப்பிக் கேட்டேன். மனைவி, மகனோடு மூன்று பேர், முகூர்த்தத்துக்கு மட்டும், தங்கவில்லை என்றார். பிறகு எழுதிக் கொடுத்தது இது:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தங்கள் மகளின் திருமண அழைப்பிதழ் கிடைத்தது. எங்களையும் நினைத்து அழைத்தமைக்கு நன்றி. பிப்ரவரி 8, ஞாயிறு காலை முகூர்த்தத்துக்கு நானும் மனைவியும் மகனும், மூவரும் திண்டிவனம் வருகிறோம். காலையிலேயே புறப்பட்டு வந்துவிடுவதால் தங்குவதற்கு ஏற்பாடு வேண்டாம். சனிக்கிழமை வரவேற்புக்கு வர இயலவில்லை, பொறுத்துக்கொள்ள வேண்டும். மணமக்களுக்கு எங்கள் வாழ்த்துகள்."

இதில் நட்சத்திரம், யோகம், லக்னம் எதுவும் இல்லை, பாருங்கள். அவர் அச்சடித்ததை அவருக்கே திருப்பி ஒப்பிக்க வேண்டியதில்லை. நாளும் வேளையும் போதும். நாம் தப்பாகப் புரிந்திருந்தால் அவர் திருத்திவிடுவார். பத்திரிகை வாசகத்தை அப்படியே எடுத்து ஒட்டுவது இன்னும் மோசம். "எங்கள் இல்லத் திருமணம்" என்பது அவர் சொல்ல வேண்டியது. நாம் எழுதும்போது "தங்கள் இல்லத் திருமணம்". "தங்கள் நல்வரவை நாடும்" என்று விருந்தாளியே கையெழுத்துப் போட்ட பதிலையும் நான் பார்த்திருக்கிறேன்!

விளிக்கும் சொல்லும் படத்தில் இருக்காது. பெரியப்பா முறை ஆனவரை "ஐயா" என்றால் அவர் மனம் வாடும். மேலதிகாரியை "அண்ணே" என்றால் அவர் முகம் சுளிக்கலாம். உங்களுக்கு அவர் என்ன முறை என்பது உங்களுக்குத்தானே தெரியும்?

இனிப் படம் அனுப்புகிறவர்கள் உள்பக்கம் முழுவதும் தெரியும்படி எடுங்கள். பிள்ளையார் படம் போட்ட அட்டை மட்டும் எனக்கு வேண்டாம். கூடவே நான்கு விஷயம் எழுதுங்கள்: அழைத்தவர் என்ன முறை, போகிறீர்களா, எந்த நிகழ்ச்சிக்கு, எத்தனை பேர். அதை எழுதி முடித்ததும் பதிலில் முக்கால்வாசியை நீங்களே எழுதிவிட்டது தெரியும். மீதிக் கால்வாசிக்கு நான் இருக்கிறேன்.