எழுதியவனுக்கு மட்டும் தெரியும் எழுத்து

ஃபேஸ்புக் பக்கம் ஒன்றில் நாம போட்ட கருத்து நம்ம கண்ணுக்குத் தெரியுது, ஊருக்குத் தெரியல. இது கோளாறு இல்லை. அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள்.

பக்கம் நடத்துகிறவர் ஒரு கருத்தை மறைத்தால், எழுதியவருக்கும் அவரது நண்பர்களுக்கும் அது தெரிந்துகொண்டே இருக்கும். மற்றவர்களுக்குத் தெரியாது. மறைத்த சேதி எழுதியவருக்கு வராது. தடைச்சொல் பட்டியல் போட்டுவைத்தால் மறைக்க ஆளே வேண்டாம். பட்டியலில் ஒரு சாதிப்பெயர் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். அந்தப் பெயரைச் சொல்லி ஏசுகிறவன் கருத்தும் மறையும். ‘சுடுகாட்டுப் பாதையை எங்களுக்கு மறிக்கிறார்கள்’ என்று அதே பெயரோடு எழுதுகிறவர் கருத்தும் மறையும். பட்டியல் சொல்லைத்தான் பார்க்கும், யார் வாயிலிருந்து வருகிறதென்று பார்க்காது.

ஆகவே நண்பர் பட்டியலில் உள்ள தோழர்களைக் கேட்டுப் பயனில்லை. அவர்களுக்குத் தெரியத்தான் செய்யும். பட்டியலில் இல்லாத ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் அவர் வரிசையை ‘எல்லாக் கருத்துகளும்’ என்று மாற்றட்டும். ஸ்பாம் என்று சந்தேகப்பட்டு ஒதுக்கியவை அங்கே கிடக்கும். ஒரே சுட்டியைப் பத்து இடத்தில் ஒட்டினால் அந்தச் சந்தேகம் வரும். அங்கேயும் இல்லையென்றால் பெரும்பாலும் பக்கக்காரர் மறைத்ததுதான். நம் கண்ணுக்கே தெரியவில்லையென்றால் அழித்தாச்சு.

அழித்தால் தெரியும், சண்டை போடலாம். பேசவிட்டுவிட்டு மற்றவர் காதை மட்டும் அடைத்தால் யாரிடம் போய்க் கேட்பது? மறைத்தால் எழுதியவருக்கு ஒரு வரி சொல்லு. கேட்பது அவ்வளவுதான்.