தகுதி என்பது விருதுப் பட்டியல் அல்ல

தொழில் இதழ்களில் விருந்தினராக ஒரு கட்டுரை எழுத விரும்புகிறவர்கள் ஆசிரியருக்கு அனுப்பும் மடல்களை வாசித்தால், பலவும் சுருக்கப்பட்ட தன்வரலாறுகளாகவே இருக்கின்றன. பதில் வராதபோது ஆசிரியரின் ரசனையைப் பழிக்கிறோம். பிழை நம்முடையது என்பதே எங்கள் வாதம்.

எங்கள் நண்பர் ஒருவர் பைண்டிங் பட்டறை நடத்துகிறார். அச்சுத் தொழில் இதழொன்றுக்கு 'புத்தகக் கட்டின் இன்றைய நிலை' என்று எழுதித் தருவதாக மடல் அனுப்பினார். அரைப்பக்கம் அவர் பெற்ற பாராட்டுகள். பதில் இல்லை. வருவதற்கும் நியாயமில்லை. 'இன்றைய நிலை' வெறும் தலைப்பு. அதில் கோணம் இல்லை. இயந்திரத்தருகே நிற்கும் வாசகன் நாளைக் காலை எதை மாற்றிச் செய்வான் என்ற கேள்விக்கு அதில் விடை கிடையாது.

அவருடன் அமர்ந்து மடலைத் திருத்தினோம். பொருள்: ஒட்டுக்கட்டு நூல்களில் பக்கங்கள் கழன்று விழுவது. கோணம்: எல்லோரும் பசையைக் குறை சொல்ல, குற்றவாளி பெரும்பாலும் தாளே. தாளின் நார்கள் ஓடும் திசை, அச்சகத்தார் 'கிரெயின்' என்பது, நூலின் முதுகுக்கு இணையாக இருக்கவேண்டும். குறுக்காக இருந்தால் பக்கம் விறைத்து நிற்கும். ஒவ்வொரு முறை விரிக்கும்போதும் பசையை இழுக்கும். சோதிப்பதும் எளிது. தாள்துண்டின் ஒரு பக்கத்தை ஈரமாக்கினால் அது சுருளும். அந்தக் குழல் நீளும் திசையே நார்த்திசை.

அடுத்து தகுதி. விருதுகளை நீக்கிவிட்டு ஒரே வரி எழுதச் சொன்னோம்: '22 ஆண்டுகளாக ஒட்டுக்கட்டு செய்கிறேன்; கழன்று திரும்பிவந்த பிரதிகளைப் பிரித்துப் பார்த்துக் குறிப்பெடுத்திருக்கிறேன்.' சொல்லவரும் கருத்தைத் தாங்கும் தகுதி மட்டுமே தகுதி. மற்றவை அலங்காரம்.

இங்கே நண்பர் தயங்கிய இடம் ஒன்றுண்டு. பக்கம் கழன்றால் பழி பைண்டர் மேல் விழும். இக்கட்டுரையோ அதைத் தாள் வெட்டிய அச்சகத்தின் மேல் திருப்புகிறது. எழுதுபவர் பைண்டர். 'இதைச் சொன்னால் மறுத்துவிடுவார்களே' என்றார். சொல்லாமல் விட்டால்தான் மறுப்பார்கள் என்றோம். தொழில் இதழாசிரியர் அதிகம் அஞ்சுவது கட்டுரை வேடமிட்ட விளம்பரத்துக்கு. தன் சார்பை எழுதியவரே முன்வைத்து, வாசகன் தானே சரிபார்க்கும் சோதனையையும் தந்துவிட்டால் அந்த அச்சம் குறையும். பசை குறைந்தும் முதுகு சரியாகச் சுரண்டப்படாமலும் பக்கம் கழலும் என்பதையும் சேர்க்கச் சொன்னோம்.

பதில் வந்தது: கழன்ற பிரதியின் படம் கிடைக்குமா என்று கேட்டிருந்தார் ஆசிரியர். ஏற்பு இன்னும் உறுதியாகவில்லை. ஆனால் பாராட்டுரைகளைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

பெயரே போதும் என்று நம்பும் இலக்கிய நண்பர்கள் இதைச் சற்று யோசிக்கலாம்.