யூரியா மூட்டைக்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

45 கிலோ யூரியா மூட்டை கடையில் 266 ரூபாய் 50 காசு. வரியும் வேப்பெண்ணெய்ப் பூச்சுச் செலவும் நீங்கலாக 242 ரூபாய் என்ற அதன் அடிப்படை விலை 2018 முதல் மாறவில்லை. அடக்கவிலை இதைப்போல் பல மடங்கு. மீதியை மத்திய அரசு உர நிறுவனங்களுக்குத் தருகிறது. உலகச் சந்தையில் விலை எகிறிய 2022-23ஆம் ஆண்டில் மொத்த உர மானியம் சுமார் இரண்டரை லட்சம் கோடி ரூபாய்.

இந்தப் பணம் உழவரைக் காப்பாற்றுகிறது என்பது பாதி உண்மைதான். 2010இல் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களுக்கு மானியத்தை வரையறுத்து விலையைத் தளர்த்திய அரசு, யூரியாவைத் தொடவில்லை. இன்று 50 கிலோ டிஏபி மூட்டை 1,350 ரூபாய். கிலோ ஆறு ரூபாய்க்கு ஓர் உரமும் இருபத்தேழு ரூபாய்க்கு இன்னோர் உரமும் இருந்தால் கை எதை நாடும்?

நெல்லுக்கு ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து போதும் என்று வைத்துக்கொள்வோம். அது முழுவதையும் யூரியாவாகவே கொடுத்தாலும் மூன்று மூட்டைக்குள் முடிந்துவிடும். ஐந்து மூட்டை போட்டால் பயிர் கரும்பச்சையாகச் செழித்து நிற்கும். பிறகு புகையான் வரும், குலைநோய் வரும், கதிர் முற்றும்போது பயிர் சாயும். மலிவாக வாங்கிய உரத்துக்கு உழவர் பூச்சிமருந்துக் கடையில் மறுபடியும் பணம் கட்டுகிறார். இலை வண்ண அட்டையை இலையோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே உரம் தேவையா என்று தெரிந்துவிடும். ஆனால் மலிவு விலை அந்த அட்டையை எடுக்கவே விடுவதில்லை.

நெல் வயலில் இட்ட தழைச்சத்தில் பாதிகூடப் பயிருக்குச் சேர்வதில்லை. மீதி காற்றில் கலக்கிறது. நைட்ரேட்டாகிக் கிணற்றிலும் இறங்குகிறது. அந்தத் தண்ணீரைக் குடிப்பவரின் செலவு எந்த மானியக் கணக்கிலும் இல்லை.

யாருக்கு லாபம் என்பதும் நிலத்தின் அளவைப் பொறுத்ததே. மானியம் மூட்டையோடு போவதால், இருபது ஏக்கர்காரருக்கு ஓர் ஏக்கர் குத்தகைதாரரைப்போல் இருபது மடங்கு போகிறது. ஒட்டுப்பலகைப் பசை செய்யும் ஆலைகளுக்கும் விவசாய யூரியா கடத்தப்படுகிறது. வேப்பெண்ணெய்ப் பூச்சைக் கட்டாயமாக்கியும் அது முற்றிலும் நிற்கவில்லை.

யூரியாவையும் சத்து அடிப்படையிலான மானியத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்பதே நமது நிலைப்பாடு. விலையை ஒரே நாளில் ஏற்றினால் சிறு உழவர் நொடிந்துபோவார் என்ற அச்சம் நியாயமானது. ஆகவே முதலில் பணம், பிறகு விலை: மிச்சமாகும் தொகையை ஏக்கர் கணக்கில், ஒரு வரம்போடு, சாகுபடி செய்பவரின் வங்கிக் கணக்கில் விதைப்புக்கு முன்பே போட வேண்டும். தெலங்கானா 2018இல் தொடங்கிய ரைத்து பந்து திட்டத்தில் பணம் பட்டாதாரருக்குப் போனது, குத்தகைதாரர் விடுபட்டார். அந்தத் தவறு இங்கே நிகழாதிருக்க, குத்தகைதாரரின் பெயரைப் பருவந்தோறும் அடங்கலில் பதியும் வேலையைக் கிராம நிர்வாக அலுவலர்கள் இப்போதே தொடங்க வேண்டும்.